கீழே எழுதியிருக்குறது வெறும் E தான்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்கத் தோதா சில இடங்கள்ல சுருக்கியிருக்கோம்.)

இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். கேள்வி என்னோடது இல்ல. எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பியோடது.

எங்க டீமுக்கு ரெண்டு சாட் குரூப் இருக்கு. ஒண்ணு வேலைக்கு. இன்னொண்ணு சும்மா. அந்தச் சும்மா குரூப்லதான் எங்க டீமோட உண்மையான உழைப்பு நடக்கும்னு வெச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒரு மீம் போட்டா திங்கட்கிழமை காலைல ஸ்டாண்டப் வரைக்கும் அது ஓடும். அதுல பாதி, தலையும் வாலும் இல்லாத மீம். படத்துக்கும் கீழ இருக்குற வரிக்கும் சம்பந்தமே இருக்காது. அதுக்குத்தான் எல்லாரும் சிரிப்போம்.

ஒரு நாள் லஞ்ச் முடிஞ்சு டீ குடிச்சிட்டிருக்கேன். அந்தத் தம்பி வந்தான். விருதுநகர்ப் பக்கம், காலேஜ் முடிச்சு நேரா சென்னை. சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல. "அண்ணா, ஒண்ணு கேக்கலாமா?"ன்னான். கோட் ரிவ்யூ சமாச்சாரமா இருக்கும்னு நினைச்சேன். போனை நீட்டினான். குரூப்ல நான் போட்ட மீம். அதுக்குக் கீழ கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிற எமோஜி பதினோரு பேர் போட்டிருக்காங்க. அந்தப் பதினோரு பேர்ல இவனும் ஒருத்தன்.

"இதுக்கு என்ன அர்த்தம்ணா? ரெண்டு நாளா தேடிப் பாத்துட்டேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வீக்ணா. இது ஏதாவது ஸ்லாங்கா?"

எனக்கு டீ தொண்டைல நின்னுடுச்சு. ஏன்னா அந்த மீம்ல மொத்தமா இருந்த இங்கிலீஷ் ஒரே ஒரு எழுத்து. E.

சரி, அந்தப் படம் என்னன்னு சொல்லிடுறேன். உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2018 ஏப்ரல்ல மார்க் ஸக்கர்பெர்க், அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி உக்காந்து ரெண்டு நாள் பதில் சொன்னார் இல்லையா, தனிநபர் தகவல் விவகாரத்துல? அந்தக் காட்சிதான் அடிப்படை. ஆனா உக்காந்திருக்குறது ஸக்கர்பெர்க் முகம் இல்ல. மார்க்கிப்ளையர்னு கேம் விளையாடுற ஒரு யூடியூபர், அவர் முகம். அந்த முகத்துக்கு 2001ல வந்த ஷ்ரெக் படத்தோட வில்லன் லார்ட் ஃபார்க்வாடோட முடி, தாடை. மூணு பேரை ஒட்டி ஒரு ஆள். அதுக்கு ஒரு வரி எழுதியிருக்கணும் இல்லையா? எழுதியிருக்காங்க. E.

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

தம்பிக்கு அதைச் சொன்னேன். "ஒண்ணும் இல்லடா, அதுதான் காமெடி"ன்னேன். அவன் முகத்தைப் பாத்தா நம்பலைன்னு தெரிஞ்சுது. நான் ஏதோ அவன் மனசு கோணக் கூடாதுன்னு சமாளிக்கிறேன்னு நினைச்சிருக்கான். நியாயம்தான். பதினோரு பேர் சிரிச்ச ஒரு விஷயத்துல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா யார் நம்புவா? அதனால இந்த எபிசோட், அவனுக்கு அன்னிக்கு ஒழுங்கா சொல்லத் தெரியாத பதில்.

முதல்ல சாதாரண மீம் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும். காதலியோட நடந்து போற பையன் திரும்பி இன்னொரு பொண்ணைப் பாப்பானே, அந்தப் படத்தை எடுத்துக்கோங்க. ஸ்பெயின்ல 2015ல அந்தோனியோ கியெம்னு ஒரு போட்டோகிராபர் விக்கிறதுக்காக எடுத்த ஸ்டாக் போட்டோ அது. 2017ல மீம் ஆச்சு. அதுல மூணு ஆள், மூணு லேபிள். பையன் மேல "நான்", காதலி மேல "செய்ய வேண்டிய வேலை", சிவப்பு டிரெஸ் பொண்ணு மேல "புதுசா வந்த சீரிஸ்". நம்ம பாஷைல சொன்னா அது மூணு ஆர்க்யுமென்ட் வாங்குற ஒரு ஃபங்ஷன். படம் என்ன உறவுன்னு சொல்லிடுது, லேபிள் யார் யார்னு சொல்லுது. ரெண்டும் பொருந்துற நொடில ஒரு க்ளிக். அந்த க்ளிக்தான் சிரிப்பு.

இப்ப E மீம்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. படத்துல மூணு முகம், மூணு உலகம். அரசியல், யூடியூப், கார்ட்டூன். இவ்வளவு வேலை செஞ்சு ஒருத்தன் ஒட்டியிருக்கான்னா ஏதோ பெருசா சொல்ல வர்றான்னுதானே தோணும்? மூளை ரெடி ஆகுது. மூணையும் சேக்குற வரி எங்கன்னு கீழ ஓடுது. அங்க E. க்ளிக் வரல. மறுபடி மேல ஓடுது, மறுபடி கீழ. E. சாதாரண மீம்ல க்ளிக் கேட்டுச் சிரிக்கிறோம். இதுல க்ளிக்குக்காகக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிற நம்மளை நாமே பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறோம். ஜோக் படத்துல இல்ல, தேடுன ஆள்கிட்ட இருக்கு. படத்துல எவ்வளவுக்கு எவ்வளவு உழைப்பு தெரியுதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்தத் தேடல் பெருசா இருக்கும். ஸக்கர்பெர்க்கோட சாதா போட்டோ போட்டு E எழுதியிருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதுங்குறது என் எண்ணம்.

ஒரு சந்தேகம் வரும். "எல்லாமே அர்த்தம் இல்லாததுதானா, இல்ல எனக்குத்தான் தெரியலையா?" நல்ல கேள்வி. ரெண்டு ஜாதியும் இருக்கு. லாஸ்னு ஒரு மீம். கன்ட்ரோல் ஆல்ட் டெலிட்னு டிம் பக்லி வரைஞ்ச கேமிங் காமெடி வெப்காமிக். 2008 ஜூன் 2ஆம் தேதி அதுல திடீர்னு வசனமே இல்லாம நாலு கட்டம். ஹீரோ ஆஸ்பத்திரிக்குள்ள ஓடி வர்றான், ரிசப்ஷன்ல பேசுறான், டாக்டர்கிட்ட பேசுறான், கடைசில படுக்கைல அழுதுட்டிருக்குற காதலி பக்கத்துல நிக்கிறான். கருச்சிதைவு. காமெடி காமிக்ல சம்பந்தமே இல்லாம இவ்வளவு பெரிய துக்கத்தைக் கொண்டு வந்து வெச்சதை ஜனங்க கலாய்ச்சுத் தள்ளிட்டாங்க. (அந்த விஷயத்தை வெச்சு கலாய்க்கணுமான்னு எனக்கு இன்னிக்கும் ஒரு நெருடல் உண்டு, அது வேற எபிசோட்.) கலாய்ச்சுக் கலாய்ச்சு அது சுருங்கி, வெறும் கோடா ஆயிடுச்சு. நின்னா நேர்கோடு, படுத்தா படுக்கைக் கோடு:

```
|   ||
||  |_
```

இப்ப யாராவது நாலு பாட்டிலை இப்படி அடுக்கி போட்டோ போட்டா, தெரியாதவங்களுக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு பூட்டு, சாவி அவங்ககிட்ட இருக்கு. ஆக, லாஸ் பாக்கத்தான் உளறல், உள்ள அர்த்தம் உண்டு. E-க்கு சாவியே கிடையாது, கதவு மட்டும்தான். எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிரிச்ச ஆளை விளக்கச் சொல்லுங்க. லாஸ்னா அஞ்சு நிமிஷம் மூச்சு விடாம விளக்குவான். E-ன்னா, அன்னிக்கு நான் முழிச்ச மாதிரி முழிப்பான்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். இந்தக் கதை இன்டர்நெட்டுக்கு முன்னாடி நடந்தது.

கேரி லார்சன்னு ஒரு அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட். தி ஃபார் சைடுன்னு தினம் ஒரு கட்டம் பேப்பர்ல வரும். 1982 அக்டோபர்ல ஒரு நாள் அவர் போட்ட கார்ட்டூன் இது. ஒரு பசு ரெண்டு கால்ல நின்னுக்கிட்டு நம்மளைப் பாக்குது. முன்னாடி ஒரு மேஜை. மேஜைல நாலு சாமான், மொட்டையா, கோணல்மாணலா. கீழ தலைப்பு: மாட்டோட கருவிகள். இங்கிலீஷ்ல வெறும் ரெண்டு வார்த்தை, கௌ டூல்ஸ்.

லார்சன் நினைச்சது ரொம்ப எளிமை. மனுஷனை மத்த மிருகத்துல இருந்து பிரிக்கிறது கருவி செய்யுறதுதான்னு ஒரு காலத்துல சொல்லிட்டிருந்தாங்களே, அப்ப மாடு கருவி செஞ்சா எப்படி இருக்கும்? மட்டமாத்தான் இருக்கும். அவ்வளவுதான் ஜோக். ஆனா பேப்பர் வாசிச்ச ஜனங்க விடல. கடிதம், போன், பேப்பர் ஆபீஸுக்கு விசாரணை. "இதுக்கு என்ன அர்த்தம்?" கடைசில அவர் ஒரு விளக்க அறிக்கையே விட வேண்டியதாப் போச்சு. கார்ட்டூனுக்கு அறிக்கை விட்ட மனுஷன் பாவம்.

பின்னாடி 1989ல வந்த தன்னோட புத்தகத்துல அவரே தப்பு எங்கன்னு பிடிச்சார். இதைக் கொஞ்சம் கவனிங்க. நாலு சாமான்ல ஒண்ணை மட்டும் அவர் ரம்பம் மாதிரி வரைஞ்சிட்டார். மரம் அறுக்குற ரம்பம். அதுதான் வினை. ஒண்ணு ரம்பம்னு தெரிஞ்ச உடனே, "அப்ப மீதி மூணும் ஏதோ ஒண்ணாத்தான் இருக்கணும், அதைக் கண்டுபிடிச்சா ஜோக் புரிஞ்சிடும்"னு ஜனங்க உக்காந்துட்டாங்க. நாலும் அடையாளமே தெரியாத கட்டையா இருந்திருந்தா, "சரி, மாடு செஞ்ச குப்பை"ன்னு போயிருப்பாங்க.

அவர் தப்புன்னு நினைச்ச அந்த ரம்பம்தான், இன்னிக்கு இந்த மாதிரி மீம்ல எல்லாத்தையும் தூக்கி நிறுத்துற விஷயம். இதை எனக்குக் காட்டுனது புத்தகம் இல்ல, தம்பிதான்.

டீ சம்பவத்துக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை அவனும் நானும் உக்காந்து செஞ்சே பாத்தோம். அர்த்தம் இல்லாதது ஈஸிதானேன்னு நான் பைத்தான்ல ஒரு பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு பட்டியல்ல இருந்து ஏதோ மூணு வார்த்தையைப் பொறுக்கி, அந்தத் திரும்பிப் பாக்குற பையன் படத்துல ஒட்டும். வந்தது: பையன் மேல "தக்காளி", காதலி மேல "செவ்வாய்க்கிழமை", சிவப்பு டிரெஸ் மேல "ஒட்டகம்". நாப்பது படம் எடுத்தோம். ஒண்ணுகூட தேறல. பாக்க பாக்க சலிப்பு. மூணுமே ரேண்டம்னு கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே மூளை தேடுறதை நிறுத்திடுது. ரம்பம் இல்லாத மேஜை அது. பார்த்தோம், குப்பைன்னு தெரிஞ்சுது, போயிட்டோம்.

அப்புறம் தம்பி ஒண்ணு மாத்தினான். பையன் மேல "நான்". காதலி மேல "நாளைக்கு முடிக்க வேண்டிய வேலை". இது ரெண்டும் எல்லாரும் ஆயிரம் தடவை பாத்தது, வழக்கமான மீம். மூணாவது இடத்துல "நாலு ஸ்பூன்".

நான் வாய்விட்டுச் சிரிச்சேன். ஏன் நாலு? என்ன ஸ்பூன்? எதுக்கு ஸ்பூனை ஆசையா திரும்பிப் பாக்குறான்? ரெண்டு லேபிள் ரம்பமா நின்னு, "வா, இதுல அர்த்தம் இருக்கு"ன்னு கூப்பிடுது. மூணாவது வந்து கைவிட்டுடுது. "சந்தோஷம்"னு போட்டிருந்தா அது கவிதை மாதிரி ஆயிடும், யாராவது பொருள் சொல்லிடுவான். வெறும் "ஸ்பூன்"னு போட்டாகூட டீக்கான்னு யாராவது யோசிப்பான். "நாலு"ங்குறதுதான் கெடுக்குது, அதாவது சரி பண்ணுது. அவ்வளவு துல்லியமா எண்ணிச் சொன்னவன்கிட்ட ஒரு காரணம் இருந்தே ஆகணும்னு தோணுது. காரணம் இல்ல.

பத்து வரி ஸ்கிரிப்ட்டால முடியாததை அவன் ஒரு நிமிஷத்துல செஞ்சான். அர்த்தத்தை இல்லாம பண்றதுக்கு, அது எந்த இடத்துல எதிர்பாக்கப்படுதுன்னு தெரிஞ்சிருக்கணும். இங்கிலீஷ் வீக்னு சொன்ன பையனுக்கு அது தெளிவாத் தெரிஞ்சிருந்துச்சு.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கு. 1982ல கௌ டூல்ஸைப் பாத்தவங்க கடுப்பானாங்க. இன்னிக்கு அதே கார்ட்டூனை மீமா எடுத்து, புரியாததுக்காகவே கொண்டாடுறாங்க. படம் ஒரு கோடுகூட மாறல. அப்ப எது மாறுச்சு?

என் கணிப்பு இது. அன்னிக்குக் காலைல காபியோட பேப்பரைப் பிரிச்சவன் தனி ஆள். அவனுக்குப் புரியலைன்னா, ஊர்ல மத்த எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும், தான்தான் முட்டாள்னு நினைச்சுப்பான். அதனாலதான் போன் போட்டுக் கேட்டான். இன்னிக்கு அதே படத்துக்குக் கீழ ஆயிரம் பேர் "எனக்கும் புரியல"ன்னு எழுதியிருக்குறதைப் பாத்துட்டுத்தான் நாம படத்தையே பாக்குறோம். புரியாத விஷயத்துக்குத் துணை கிடைச்சிடுச்சு. துணை இருந்தா அது ஜோக். தனியா இருந்தா அது பரீட்சை.

தம்பிக்கு நடந்தது இதுதான். எங்க குரூப்ல பதினோரு எமோஜி இருந்துச்சே தவிர, "எனக்கும் ஒண்ணும் புரியல"ன்னு ஒருத்தரும் எழுதல. எழுதணும்னு எங்களுக்குத் தோணவும் இல்ல. அவனைப் பொறுத்தவரைக்கும் அவன் 1982ல பேப்பரோட உக்காந்திருந்தான்.

இதை வேணும்னே செய்யுற ஒரு பழைய அமெரிக்கக் குறும்பு இருக்கு. நோ சோப் ரேடியோன்னு பேர். நாலஞ்சு பேர் முன்கூட்டியே பேசி வெச்சுக்குவாங்க. ஒருத்தன் ஜோக் சொல்வான்: ரெண்டு யானை குளிச்சிட்டிருக்கு, ஒண்ணு சோப்பைக் கேக்குது, இன்னொண்ணு "சோப் இல்ல, ரேடியோ"ங்குது. ஜோக் முடிஞ்சது. பேசி வெச்சவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. விஷயம் தெரியாத ஒருத்தன் மட்டும் நடுவுல. அவன் புரிஞ்ச மாதிரி சிரிச்சாலும் மாட்டுவான், புரியலைன்னு ஒத்துக்கிட்டாலும் மாட்டுவான். வரியைப் பொறுத்தவரைக்கும் அதுவும் E-யும் ஒண்ணுதான், ரெண்டுமே காலி. E-ல தேடி ஏமாறுறது எல்லாரும். இதுல ஒருத்தன் தேடுறான், மத்தவங்க வேடிக்கை பாக்குறாங்க. நாங்க பேசி வெச்சுக்கல, சத்தியமா. ஆனா ரெண்டு நாள் டிக்‌ஷ்னரி தேடினவனுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

இன்னொரு சின்ன விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன். இந்த உளறலுக்கு ஆயுசு கம்மி. E முதல்ல வந்தப்ப யாரும் எதிர்பாக்கல. ஆறாவது தடவை பாக்குறப்ப E வரும்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அது உளறல் இல்ல, அதுக்கு அர்த்தம் வந்துடுச்சு: "நானும் இந்த மீம் பாத்திருக்கேன்". க்ளிக் திரும்பி வந்துடுது, ஆனா வேற க்ளிக், மெம்பர்ஷிப் கார்டு தேய்க்கிற சத்தம். நான் குரூப்ல போட்டப்பவே அது பழசாகிப் பல வருஷம். அப்ப அந்தப் பதினோரு பேர் எதுக்குச் சிரிச்சாங்கன்னு யோசிச்சா கொஞ்சம் உறுத்துது. கார்டு இல்லாம உள்ள இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அந்தப் படத்தை அதோட முதல் நாள் மாதிரி, முழு நம்பிக்கையோட தேடிப் பாத்தவனும் அவன் ஒருத்தன்தான்.

போன மாசம் குரூப்ல அவனே ஒண்ணு போட்டான். எங்க ஃப்ளோர்ல லிஃப்ட் பக்கத்துல மாட்டியிருக்குற தீயணைப்பு சிலிண்டர், சிவப்புக் கலர், தூசியோட. நேரா நின்னு எடுத்த போட்டோ. கீழ எழுதியிருந்தான்: "மூணாவது அண்ணன்".

எங்க மேனேஜர் சீரியஸாவே கேட்டார், முதல் ரெண்டு பேர் யாருப்பான்னு. தம்பி ரிப்ளை போட்டான்: "எனக்கும் தெரியல சார்."

பதினாலு எமோஜி. நேத்து லிஃப்ட்டுக்காக நிக்கிறப்ப நானே ஒரு தடவை சுத்திப் பாத்தேன், வேற சிலிண்டர் ஏதாவது இருக்கான்னு.

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.